"தயாரா?" என்று முடியும் மூன்று கேள்விகள்

வேலை விண்ணப்பப் படிவங்களில் கடைசிப் பக்கத்துக்கு அருகில் மூன்று கேள்விகள் இருக்கும். வேறு ஊருக்கு மாறத் தயாரா? சுழற்சி முறையில் இரவுப் பணி செய்யத் தயாரா? அடிக்கடி பயணம் செய்யத் தயாரா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நேர்காணலில் எச்.ஆர். இதையே மறுபடியும் வாய்ப்பேச்சாகக் கேட்பார். பொழிச்சலூரிலும் பம்மலிலும் உள்ள கல்லூரி இறுதியாண்டுப் பெண்கள் சிலருக்கு மாலை வேளைகளில் நேர்காணல் பயிற்சி கொடுக்கிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் தடுமாறினாலும் ஏதோ சொல்லிவிடுகிறார்கள். இந்த மூன்றில் ஒன்று வந்ததும் பெரும்பாலானோர் வாசல் பக்கம் பார்க்கிறார்கள், அம்மாவோ அப்பாவோ அங்கே நின்றுகொண்டிருப்பதுபோல.

இந்தக் கேள்விகளை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கதையை வாசிப்பதுபோலவே, இதில் எது சொல்லப்படுகிறது, எது விடப்படுகிறது என்று பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது, மூன்றிலும் எண்ணே இல்லை. எத்தனை இரவு, எத்தனை நாள் பயணம், எந்த ஊர், எவ்வளவு காலத்துக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்பு? ஒன்றும் இல்லை. மாதத்துக்கு இரண்டு இரவும் "இரவுப் பணி"தான், வருடம் முழுக்க அமெரிக்க நேரத்தில் வேலை செய்வதும் "இரவுப் பணி"தான். அளவே சொல்லாத ஒன்றுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நேர்மையாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் நேர்காணல் வழிகாட்டி நூல்களும் வேலைவாய்ப்புப் பயிற்றுநர்களும் பேசுவது பதில் சொல்பவளின் நேர்மையைப் பற்றித்தான். ஒரு கட்சி, "முதலில் ஆம் என்று சொல், வேலையில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது. இன்னொரு கட்சி, "உன் எல்லையை மறைக்காமல் சொல், அவர்கள் மதிப்பார்கள்" என்கிறது. கேட்பவர் தன் தேவையை மறைக்காமல் சொன்னாரா என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை.

இரண்டாவதாகக் கண்ணில் படுவது, இந்தக் கேள்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொற்களில் அச்சாகியிருப்பது. கேட்கும் விதம் மட்டும் ஒன்றல்ல. பையன் "ஆம்" என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பெண் "ஆம்" என்றால், "வீட்டில் ஒத்துக்கொள்வார்களா?" என்று ஒன்று வருகிறது. அதற்கும் ஆம் என்றால், "கல்யாணத்துக்கு அப்புறம்?" அச்சிலே இல்லாத இந்தத் துணைக்கேள்விகள்தான் உண்மையான கேள்வி. இதற்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி சென்னையிலேயே நடந்தது.

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் மத்திய தேர்வாணையத்தின் முன் வந்த இரண்டு பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர், 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்காணலில், வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று அவரைப் பின்வாங்கச் செய்யப் பார்த்தார்கள். சேர்ந்தபோது, திருமணம் செய்தால் பணியை விட்டுவிடுவேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அன்னா ராஜம், பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா, கேரளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1951 அணியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருடைய நேர்காணல் குழு அவரை ஐ.ஏ.எஸ்.ஸிலிருந்து விலகச் சொன்னது. அதற்குப் பதிலாக, பெண்களுக்கு ஏற்றவை என்று சொல்லி எதைப் பரிந்துரைத்தது தெரியுமா? வெளியுறவுப் பணியையும் மத்தியப் பணிகளையும்.

இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் முத்தம்மாவுக்கு வெளியுறவுப் பணி ஆகாது, அன்னா ராஜத்துக்கு அதுதான் ஆகும்! உலகம் முழுக்க ஊர் மாறுவதும் பெண்ணால் முடியாது, ஒரே மாகாணத்துக்குள் கிராமம் கிராமமாகச் சுற்றுவதும் பெண்ணால் முடியாது. அவள் எந்தக் கதவின் முன் நிற்கிறாளோ அந்த வேலைதான் அவளுடைய எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்த இரண்டு நேர்காணல்களையும் சேர்த்துப் பார்த்தபின், "வேலையின் இயல்பு அப்படி" என்ற வாதத்தை நான் முகமதிப்பில் ஏற்பதில்லை.

அன்னா ராஜம் சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தார். அப்போது முதல்வராக இருந்த ராஜாஜிக்குப் பெண்கள் அரசுப் பணியில் களத்தில் இருப்பதில் உடன்பாடில்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு பதவி தருகிறேன் என்றார். குதிரையேற்றமும் துப்பாக்கியும் பழகியிருக்கிறேன், ஆண் அதிகாரிகள் செய்வதை என்னாலும் செய்ய முடியும் என்று வாதாடி அன்னா ராஜம் சப் கலெக்டர் பணியைப் பெற்றார். அவருடைய நியமன ஆணையிலும் திருமணம் செய்தால் பணி முடிவுக்கு வரும் என்று இருந்தது. பின்னால் விதி மாறியது, அவர் திருமணமும் செய்துகொண்டார். ராஜாஜியே பிறகு ஒரு பொதுக்கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேசினார் என்பார்கள். பாராட்டு இருக்கட்டும். நான் கவனிப்பது வேறு: எல்லையை முதலில் வகுத்தவர் வேலை கொடுப்பவர், அது தன் எல்லை அல்ல என்று நிரூபிக்கும் சுமை மட்டும் வேலை கேட்டவள் மேல்.

முத்தம்மா அந்த எழுத்துறுதியை முப்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் தொடுத்த வழக்கில் 1979 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதினார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவளை விலகச் சொல்லலாம், மணமான பெண்ணுக்கு அந்தப் பணியில் நியமனம் பெறும் உரிமை கிடையாது என்றெல்லாம் வெளியுறவுப் பணி விதிகளில் இருந்தது. குடும்பம் பெண்ணின் திறமையைக் குறைக்கும் என்றால் ஆணின் திறமையையும் குறைக்காதா என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதற்கிடையில் அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்துவிட்டது, ஒரு விதியை 1973இலேயே நீக்கிவிட்டோம், மற்றதும் போகப்போகிறது என்றும் சொன்னது. வழக்கு அத்தோடு முடிக்கப்பட்டது. விதி புத்தகத்திலிருந்து போய்விட்டது. நேர்காணல் மேசையில் "கல்யாணத்துக்கு அப்புறம்?" என்ற வடிவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இரவுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாம் என்றது. மாநில அரசு இந்த நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கிடையாது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்த உடனே போட்ட முதல் ஒப்பந்தங்களில் ஒன்று பெண்களின் இரவுப் பணிக்குத் தடை. அதன் வழித்தோன்றல் இது. சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், நாமும் அப்படித்தான் படித்தோம்.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மீன் பதப்படுத்தும், மீனை டின்களில் அடைக்கும் தொழிற்சாலைகளில், மூலப்பொருள் கெட்டுப்போகாமல் தடுக்கத் தேவை என்றால் பெண்களை இரவிலும் வேலைக்கு வைக்கலாம் என்றது அது. மீன் கெட்டுப்போகும் என்றால் பெண்ணின் பாதுகாப்பு காத்திருக்கலாம்! இந்த ஒரு உட்பிரிவைப் படித்த மாணவி யாருக்கும் 66ஆம் பிரிவைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியிருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காக்கள் என்றைக்கும் இரவில் வேலை செய்தார்கள், அவர்களைத் தயாரா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்குப் பூ வாங்கப் பின்னிரவில் கிளம்பும் பெண்களையும் கேட்டதில்லை. நல்ல சம்பளமும் மேற்பார்வையாளர் பதவியும் உள்ள இரவு வேலைகள் வந்தபோதுதான் இரவு பெண்ணுக்கு ஆகாததாகியது.

இன்னொரு விளைவும் உண்டு, இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1976இன் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதில் பெண்ணைப் பாகுபடுத்தக் கூடாது என்றது. 1987இல் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் ஒரு சட்டம் பெண்களை அந்த வேலைக்குத் தடுத்திருந்தாலோ கட்டுப்படுத்தியிருந்தாலோ இந்தப் பாதுகாப்பு பொருந்தவில்லை. ஆக, மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை முதலாளி, "மூன்றாவது ஷிஃப்டுக்கு உன்னைப் போட முடியாது, சட்டம் விடாது, அதனால் உன்னை எடுக்கவில்லை" என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது. பாதுகாப்புச் சட்டமே பாகுபாட்டுக்குக் கதவு திறந்துவிட்டது.

அந்தக் கதவை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மூடியது. வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் பெண்களின் இரவுப் பணித்தடை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தள்ளுபடி செய்து, அதற்குப் பதிலாக இரவில் பெண்களை வேலைக்கு வைப்பவர் என்னென்ன செய்து தர வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதியது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் திரும்பவும் போக்குவரத்து, பெண்கள் தனித்தனியாக இல்லாமல் குழுவாக வேலை செய்ய ஏற்பாடு, பெண் மேற்பார்வையாளர்கள், பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாறும்போது இடையில் குறைந்தது 12 மணி நேர ஓய்வு. இந்தத் தீர்ப்பை நான் விரும்பக் காரணம், அது எல்லையைப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்து முதலாளியின் கடமைப் பட்டியலில் வைத்தது. "உன்னால் முடியுமா?" என்ற கேள்வி, "அவளுக்கு முடியும்படி நீ செய்தாயா?" என்று ஆனது.

அதற்குப் பின் வந்த ஆணைகளில் ஒரு புதுச் சொல் நடுநாயகமாக உட்கார்ந்தது: ஒப்புதல். 2019இல் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதித்தபோது, சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்புதல் பெற்றால் போதிய பாதுகாப்போடும் போக்குவரத்தோடும் 8 முதல் 6 வரை வைக்கலாம் என்றது. பணியிடப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் இதே போக்கில்தான் இருக்கிறது. காலை 6க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் பெண்ணின் ஒப்புதலோடு. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஒப்புதல் என்பது நல்ல சொல்தான். பெண்ணியம் பாடுபட்டு வாங்கிய சொல். ஆனால் அது எப்போது, எந்தக் காகிதத்தில் வாங்கப்படுகிறது என்று பாருங்கள். மாணவிகள் கொண்டுவந்து காட்டிய ஒப்புதல் படிவங்கள் சேர்ந்த முதல் நாளில், பி.எஃப். படிவத்துக்கும் அடையாள அட்டை விண்ணப்பத்துக்கும் நடுவில், கையெழுத்துக்கு வந்தவை. எத்தனை இரவு என்று அதில் இல்லை. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஒரு வரி இல்லை. எண்ணும் முடிவும் இல்லாத ஒப்புதல், நேர்காணலில் அடித்த அந்த "ஆம்" கட்டத்தின் இன்னொரு நகல்தான்.

சில சமயம் கேள்வி நேர்காணல் மேசைக்குக்கூட வருவதில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். வாசலில் காவலாளியே கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கு மணமானவர்கள் என்றது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, 1976 சட்டத்தின் அதே 5ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி. நான் இங்கே கவனிப்பது ஒன்றுதான். வாசலில் கேட்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கேள்வியில் "தயாரா?" கூட இல்லை. ஷிஃப்ட், விடுப்பு, விடுதியில் தங்குவது எல்லாவற்றுக்கும் அவள் சொல்லக்கூடிய பதிலை அவளுக்குப் பதிலாகத் தாலி சொல்லிவிட்டது.

இனி ஒரு பெண்ணின் கணக்கைப் பார்க்கலாம். பெயர் வேண்டாம். பி.காம். முடித்தவள், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பெருங்குடியில் ஒரு நிறுவனம், மாலை 5.30 முதல் அதிகாலை 2.30 வரை ஷிஃப்ட். முதல் நேர்காணலில் தயாரா என்றார்கள், தயார் என்றாள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்றார்கள், தெரியவில்லை என்றாள். அது உண்மையான பதில். வேலை கிடைக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

"அக்கா, பொய் சொல்லியிருக்கணுமோ?" என்று வந்து கேட்டாள். பொய்யா உண்மையா என்பதை ஒதுக்கிவிட்டு, காகிதம் எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 2.30க்கு வேலை முடியும். கேப் நிரம்பிக் கிளம்ப 3 மணி. ரேடியல் சாலையில் பள்ளிக்கரணையில் ஒரு டிராப், கீழ்க்கட்டளையில் ஒரு டிராப், பல்லாவரம் தாண்டிப் பம்மல் வழியாகப் பொழிச்சலூர். இருப்பதிலேயே தூரம் இவள்தான், ஆகவே கடைசி டிராப். வீடு சேர 4 மணி. தூங்க நாலரை. ஆறரைக்குத் தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிப்பது யார்? அம்மா காலையில் சமையல் வேலைக்குப் போகிறவர். தம்பி பள்ளிக்கூடம். அப்புறம் தலைக்கு மேல் விமானம். விமான நிலையத்தின் பக்கத்திலேயே வாழ்கிற எங்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது, ஆனால் அது இரவுத் தூக்கத்துக்குப் பழகியது, பகல் தூக்கத்துக்கு அல்ல.

கணக்கு முடிந்தபோது அவளுடைய எல்லை மூன்று துண்டாகப் பிரிந்தது. தண்ணீர் என்பது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. தம்பிக்குப் பதினைந்து வயது, குடம் பிடிக்கலாம். இதை நேர்காணலில் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் தயக்கத்தை அவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது மகளின் எல்லை அல்ல, மகள் அதைத் தன் குரலில் போய்ச் சொல்லக் கூடாது. கேட்டபோது அவர் சொன்னது: "நைட்டு போறது இல்லம்மா பிரச்சினை. மெயின் ரோட்டுல இறக்கிவிட்டுப் போயிடுவானே, அங்கருந்து நடந்து வரணுமே." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் தெரு குறுகல், சனிக்கிழமைகளில் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வருபவர்களின் வண்டிகள் வேறு. கேப் ஓட்டுநர்கள் உள்ளே வர முனகுவார்கள். மூன்றாவது துண்டுதான் நிறுவனத்திடம் பேச வேண்டியது: வீட்டு வாசல் வரை கேப், கடைசியாக இறங்குவது பெண் என்றால் உடன் ஒரு காவலர், தொடர்ந்து எத்தனை வாரம் இரவு.

காவலர் என்பது இவளாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 2005 டிசம்பரில் பெங்களூருவில் இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிய கால் சென்டர் ஊழியை ஒருவர் கேப் ஓட்டுநராலேயே கொலை செய்யப்பட்டபின், பெண் முதலில் ஏறுபவளாகவோ கடைசியில் இறங்குபவளாகவோ தனியே இருக்கக் கூடாது என்ற நடைமுறையைப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. 2014 பிப்ரவரியில் சிறுசேரியில், இரவு அலுவலகத்திலிருந்து கிளம்பிய இளம் பொறியாளர் வீடு வந்து சேரவில்லை. பல நாள் கழித்து அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே புதரில் உடல் கிடைத்தது. அலுவலக வாசலுக்கும் வண்டிக்கும் இடையிலான தூரம், வண்டிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலான தூரம். இவை இரண்டும்தான் ஒரு பெண் தன் எல்லையைச் சொல்லும்போது சொல்ல வேண்டிய தூரங்கள்.

இரண்டாவது நிறுவனத்தில் அதே கேள்வி வந்தபோது அவள் எதிர்க்கேள்வி கேட்டாள். ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், பட்டியலை எத்தனை நாள் முன்பு தருவீர்கள், கேப் வீட்டு வாசலுக்கா மெயின் ரோட்டுக்கா. முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதுக்கு, "எங்களிடம் பாலிசி இருக்கிறது" என்றார்கள். பாலிசி என்பது பதில் அல்ல. "எங்கள் தெருவுக்கு வேறு யாராவது இப்போது கேப்பில் வருகிறார்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, நான் சொல்லிக்கொடுத்ததும் அல்ல. பதிலாக ஒரு நபர் வந்தே ஆக வேண்டிய கேள்வி அது. அனகாபுத்தூருக்கு ஒருவர் வருகிறார் என்று தெரிந்தது.

"வீட்டில்?" என்ற துணைக்கேள்வி இங்கேயும் வந்தது. "பயண ஏற்பாட்டைப் பேசிவிட்டேன் சார், இந்த ஏற்பாடு இருந்தால் என் பக்கம் தடையில்லை" என்றாள். கல்யாணம் பற்றிக் கேட்டபோது, "இன்றைக்கு அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை" என்றாள். இது மழுப்பல் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி வாக்குக் கொடுப்பதுதான் நேர்மையற்றது. முத்தம்மாவிடம் எழுதி வாங்கியதும் அப்படியான வாக்குதான்.

அன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம். தமிழில் இப்படி வரும்: "இன்றைய சந்திப்புக்கு நன்றி. மாதத்தில் தொடர்ச்சியாக இரண்டு வாரம் வரை இரவு ஷிஃப்ட் செய்ய எனக்குச் சம்மதம். வீட்டு வாசல் வரை வாகனமும், நான் கடைசியாக இறங்கும் நாட்களில் காவலரும் இருக்கும் என்று நீங்கள் கூறியதன் அடிப்படையில் இதைச் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும்." இரண்டு வாரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், பகல் தூக்கத்தை எத்தனை நாள் தாங்க முடியும் என்று அவள் விடுமுறையில் தானே முயன்று பார்த்தாள். பத்தாவது நாளில் தலைவலி, பதின்மூன்றாவது நாளில் அழுகை. எல்லையை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு எண் இருக்கும்போது எதிரில் இருப்பவர் அதோடு பேரம் பேசலாம். "கொஞ்சம் கஷ்டம் சார்" என்பதோடு யாரும் பேரம் பேச முடியாது, அதை இல்லை என்றே எழுதிக்கொள்வார்கள்.

மின்னஞ்சல் ஏன் என்றால், நேர்காணலில் சொன்னது காற்றோடு போகும், நியமனக் கடிதத்தில் அச்சானது நிற்கும். நியமனக் கடிதத்தில் "இந்தியாவில் எந்தக் கிளைக்கும், எந்த ஷிஃப்டுக்கும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்ற வரி அநேகமாக எல்லோருக்கும் வரும். ஊர் மாற முடியாது என்று நேர்காணலில் தெளிவாகச் சொன்னவளுக்கும் வரும். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அவள் சொன்னது சாட்சியமில்லாமல் போகும். மாறும் ஊர் எது, எவ்வளவு நாள் அவகாசம், தங்க இடம் யார் பொறுப்பு என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. விடுதி என்றால் அந்த விடுதியைப் போய்ப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஶ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது வேலையைப் பற்றி அல்ல, விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு உடன் தங்கியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான். அடிக்கடி பயணம் என்பதிலும் நாட்களின் எண்ணிக்கையைவிடச் செலவு முதலில் யார் கையிலிருந்து போகிறது என்பதுதான் எங்கள் பெண்களுக்குப் பெரிய தடை. முன்பணம் இல்லாமல் டிக்கெட்டும் லாட்ஜும் போட்டுவிட்டு நாற்பது நாள் கழித்துப் பில் வரும் என்று காத்திருக்க, பன்னிரண்டாயிரம் சம்பளக்காரியால் முடியாது. அதை ஊர் சுற்றப் பயம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. மூன்றாவது மாதத்தில் வண்டி ஒப்பந்தக்காரர் மாறினார், புது ஓட்டுநர் மெயின் ரோட்டிலேயே இறங்கச் சொன்னார். அதிகாலை நாலு மணி. அவள் வண்டியிலிருந்து இறங்காமல் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் பேசி, அந்த மின்னஞ்சலைத் தேடி மறுபடி அனுப்பினாள். இருபது நிமிடம் வண்டி அங்கேயே நின்றது, ஓட்டுநர் திட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தெருவுக்குள் வந்தது. அடுத்த மாதம் அவளைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். இரவுப்படி போயிற்று, மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய். தண்டனையா சலுகையா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் எழுத்தில் கேட்டுப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை.